பேஸ்புக்குக்குப் போனே காணும்

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் பதினாறு வருடங்களாகப் படம் திருத்துகிறேன். படம் எடுப்பவர்கள் வேறு ஆட்கள். நான் உள்ளறையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பவள். பொம்பிளையின் தலைக்கு மேலே முளைத்த மின்கம்பம், மாப்பிள்ளைக்குப் பின்னால் கொட்டாவி விடும் யாரோ ஒரு பெரியப்பா, குப்பை வாளி, நாய் எல்லாவற்றையும் இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுவது என் வேலை.

இந்த நாலைந்து வருடங்களில் அந்த வேலையில் பாதியைப் போன் பிடுங்கிக்கொண்டது. வேண்டாததை விரலால் சுற்றி ஒரு தட்டுத் தட்டினால் போய்விடுகிறது. எனக்கு அதில் எரிச்சல் இல்லை என்றால் அது பொய். ஆனால் பொய் சொல்லி வேலை பிடிக்கிற பழக்கமும் எனக்கில்லை. கடற்கரையில் எடுத்த படத்தில் தூரத்தில் யாரோ நிற்கிறார்கள், அழித்துத் தாங்கோ, முகநூலில் போடவேண்டும் என்று வருகிறவர்களிடம், "பேஸ்புக்குக்குப் போனே காணும். ஏன் இஞ்சை வந்து காசைக் கரியாக்கிறியள்?" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். முதலாளி முறைப்பார். முறைக்கட்டும்.

உண்மை அதுதானே. அழிக்கவேண்டியது தனியாகத் தள்ளி நிற்கவேண்டும். பின்னால் வானமோ மணலோ வெள்ளை மதிலோ இருக்கவேண்டும். பார்க்கிறவர்கள் உள்ளங்கை அகலத் திரையில் பார்த்து, ஒரு லைக் போட்டுவிட்டு, அடுத்ததற்குப் போகிறவர்களாக இருக்கவேண்டும். அதற்குப் போன் தாராளமாகப் போதும். ஆளை ஆள் தொட்டுக்கொண்டு நின்றால், பின்னால் மடிப்பு மடிப்பாகத் துணி தொங்கினால், படத்தைப் பெரிதாக அச்சடிக்கவேண்டுமென்றால், அப்போது என்னிடம் வரத்தான் வேண்டும். போன் அக்கம்பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக் குத்துமதிப்பாக நிரப்பும். சின்னத் திரையில் அது தெரியாது. சுவரில் மாட்டினால் தெரியும்.

எங்கள் வீடு இணுவில். தோட்டக்காரக் குடும்பம், கோயில், விரதம் என்று இருக்கிற வீடு. நான் குருநகரில், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பத்தில், கடலுக்குப் போகிறவரைக் கலியாணம் செய்தேன். எட்டு வருடங்கள் வீட்டில் யாரும் என்னோடு கதைக்கவில்லை. அம்மா கண்ணை மூடின பிறகு அண்ணை தானாகவே கதைக்கத் தொடங்கினார். அண்ணி கதைக்கவில்லை. ஆனால் அவர்களின் மகள், என் மருமகள், அதற்குப் பிந்திய இரண்டு வருடத்தில் என்னோடு ஒட்டிக்கொண்டாள். சனிக்கிழமை டியூசன் முடிய ஸ்ரூடியோவுக்கு வந்து என் பக்கத்தில் இருந்து பணிஸ் சாப்பிடுவாள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சனிக்கிழமைகளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போனேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

அவள் பெரியபிள்ளையானதும் சாமத்திய வீடு வைத்தார்கள். தகப்பனின் தங்கச்சி நான். தண்ணீர் வார்க்கிற உரிமை எனக்கு. அதை அண்ணியின் தமையன் மனைவிக்குக் கொடுத்தார்கள். "நீ சும்மா வந்திட்டுப் போ" என்று அண்ணை சொன்னார். சும்மா போனேன். பின்வரிசைக் கதிரை ஒன்றில் சும்மா இருந்தேன்.

படம் எடுக்கும் நேரம் மேடையில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். நகையின் பாரம், பட்டுச் சேலையின் புழுக்கம், இரண்டு மணி நேரமாக ஒரே வெளிச்சம். "சிரி பிள்ளை, சிரி பிள்ளை" என்று எல்லாரும் கத்துகிறார்கள். அவள் என்னைக் கண்டாள். "மாமி, இஞ்சை வாங்கோ" என்று கையை நீட்டினாள். அத்தனை பேருக்கு முன்னால் எப்படி மறுப்பது? மேலே ஏறி, அவள் தோளில் கையைப் போட்டு, காதுக்குள், "உன்ரை தலையிலை இருக்கிற பூவிலை ஒரு எறும்பு ஊருது, அதுவும் படம் எடுக்க வந்ததாம்" என்றேன். வாய் விட்டுச் சிரித்தாள். கமெரா அடித்தது. உடனே அண்ணி யாரையோ கூப்பிடுகிற மாதிரி என் பெயரைச் சொல்லி, சாப்பாட்டுப் பக்கம் ஆள் காணாது என்றார். இறங்கிப் போய்விட்டேன்.

நாலாம் நாள் அந்தப் படத்தை அண்ணியின் முகநூலில் கண்டேன். நான் இல்லை. என் இடத்தில் மேடைத் துணி குழைந்து கிடந்தது. என் நிழல் மட்டும் துணியில் விழுந்தபடி இருந்தது. பூச்சரத்தின் ஓரம் சுண்ணாம்பு பூசியது போல மங்கியிருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் 'கண்பட்டுவிடும்' என்று எழுதியிருந்தார்கள். அண்ணியை மனதுக்குள் எத்தனை திட்டுத் திட்டினேன் என்று எனக்கே கணக்கில்லை. அன்றைக்கும் ஒருவர் மாட்டுப் படம் கொண்டு வந்தார், கயிற்றை அழிக்கவாம். "பேஸ்புக்குக்குப் போனே காணும்" என்றேன். சொல்லும்போதே நாக்குக் கசந்தது.

அடுத்த கிழமை அண்ணை ஸ்ரூடியோவுக்கு வந்தார். கையில் பென் டிரைவும் சுருட்டிய தாள் ஒன்றும். வேறு கடையில் அந்த முகநூல் படத்தைப் பெரிதாக அடித்துப் பார்த்திருக்கிறார்கள். விரித்துக் காட்டினார். நான் நின்ற இடம் கூழாகக் கலங்கிக் கிடந்தது. வட்சப்பில் வந்த சின்னப் படம், அதில் போன் குத்துமதிப்பாக நிரப்பியது; அதைச் சுவர் அகலத்துக்கு இழுத்தால் வேறென்ன வரும்?

"வீட்டு ஹோலிலை மாட்டவேணும்," என்றார் அண்ணை. என் முகத்தைப் பார்க்காமல் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கமெராக்காரன்ரை பெரிய படமெல்லாம் இதுக்குள்ளை கிடக்கு."

"நான் இல்லாத படமும் கிடக்குமே. அதை அடிக்கலாமே அண்ணை."

"மற்றதுகளிலை பிள்ளை சிரிக்கேல்லை."

நான் பென் டிரைவை வாங்கிச் செருகினேன்.

"அண்ணியின்ரை ஆக்கள் வந்து போற இடம். நாளைக்கு அவளுக்கும் ஒரு கலியாணம் பேசவேணும். அவையள் கேப்பினம், உது ஆர் எண்டு. உனக்குத் தெரியும்தானே தங்கச்சி."

"தெரியும்."

"நீ செய்தால்தான் தெரியாமல் செய்வாய்," என்றார். பாராட்டு. பதினாறு வருடத்தில் என் வேலையைப் பற்றி என் வீட்டில் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

எழும்பிப் போனவர் கதவடியில் நின்று திரும்பினார். "பிள்ளையின்ரை கண் உன்ரை பக்கம் பாக்குது. அதையும் நேரை திருப்ப ஏலுமோ?"

"ஏலும்," என்றேன்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சனிக்கிழமைகள் போய்விடும் என்று பயந்தேன். அதுதான் காரணம், வேறு பெரிய நியாயம் எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு, சொல்ல வெட்கம். அழித்தது போதாதென்று அலங்கோலமாய் அழித்து வைத்திருந்தது எனக்கு இரண்டாவது அவமானமாக இருந்தது.

காலையில் தொடங்கினேன். கமெரா முக்காலியில் நின்றபடியால் முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஒன்றின் மேல் ஒன்று அனேகமாகப் பொருந்தின. நான் மேடையில் ஏறமுன் எடுத்த படத்திலிருந்து வெறும் துணியை எடுத்து மேல் லேயராகப் போட்டு, என் உருவத்தின் அளவுக்கு மட்டும் அதைத் தெரியவிட்டேன். இது குத்துமதிப்பு அல்ல. உண்மையாகவே அங்கே தொங்கிய துணி, அதன் உண்மையான மடிப்பு. என் நிழலும் அதோடு போயிற்று. அந்த முந்திய படத்தில் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள். அதற்கு அடுத்து, நான் இறங்கின பிறகு எடுத்ததில், நான் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்யவேண்டியிருந்தது. போனில் தட்டியிருந்தால் ஒன்றையும் பார்த்திருக்கத் தேவையில்லை.

கைதான் கஷ்டம். என் நாலு விரலும் அவளுடைய பட்டின் சரிகைக் கரையில் பதிந்திருந்தன. வேறொரு படத்திலிருந்து தோளைக் கொண்டுவந்து, கரையின் கோடு முறியாமல் வளைத்து, விரல் அழுத்திய இடத்தில் இருந்த சுருக்கத்தையும் எடுத்தேன். தலைமயிர் ஓரத்தை ஒவ்வொரு இழையாகக் கீறி வரைந்தேன். பின்னேரம் மூன்று மணிக்குக் கண்ணுக்கு வந்தேன். இரண்டு கருமணியையும் ஒரு மயிரிழை நகர்த்தி, விட்ட இடத்தில் வெள்ளையை நிரப்பினேன். இப்போது அவள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "அருமையான வேலை" என்றார். கழிவறைக்குப் போய் அழுதேன்.

படம் சட்டம் போட்டு வந்த சனிக்கிழமை அண்ணை மகளோடு வந்தார். அவர் வெளியே மோட்டார் சைக்கிளில் கட்டுவதற்குக் கயிறு தேட, அவள் உள்ளே வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். 'மாமி, நீங்கள் எங்கை?' என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். கேட்கவேண்டும் என்றும் ஆசையாக இருந்தது.

அவள் கிட்டப் போய்த் தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலே விரலை ஓட்டினாள்.

"எப்பிடி மாமி கையை எடுத்தனீங்கள்?" என்றாள். "அம்மாவுக்கு அந்த அழிக்கிற அப் தெரியாதெண்டு போனை என்னட்டைத்தான் தந்தவ. நான் ஆறேழு தரம் தட்டினனான், உங்கடை கை லேசிலை போகேல்லை. நீங்கள் நல்ல வடிவாய் அழிச்சிருக்கிறியள்."