குழைந்த சோறு

தொழிற்சாலைக் கேன்டீனில் எல்லோரும் அவளைச் சோத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக இருநூறு பேருக்குச் சோறு பொங்குகிறாள். பருக்கை ஒன்றோடொன்று ஒட்டாது. அந்தக் கைக்குத்தான் மூன்று நாளாகச் சோறு களியாகிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கும் குழைஞ்சா நாளைக்கு வராதே" என்று கேன்டீன் முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். வேலை போவது அவளுக்கு ஒரு பயம். ஏன் குழைகிறது என்று யாராவது தோண்டித் துருவினால் அவளுடைய கண் விஷயம் வெளியே வந்துவிடுமே என்பது அதைவிடப் பெரிய பயம். ஒரு வருடமாகவே பார்வை பனிமூட்டம்தான். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

அரிசி கழுவும் பெண் அன்று லீவு. சோத்தக்காவே அண்டாவுக்குள் கையை விட்டாள். விட்ட கை அப்படியே நின்றது. அரிசி குட்டையாக, தடித்து இருந்தது. எப்போதும் வருவது நீளமும் ஒல்லியுமான பழைய அரிசி. ஒன்றை எடுத்துக் கடித்தாள். நறுக்கென்று உடையாமல் மெத்தென்று நசுங்கியது. புது அறுப்பு! பழைய அரிசிக்கு அளந்த தண்ணீரையும் அரைமணி ஊறலையும் இதற்குக் கொடுத்தால் களியாகாமல் வேறென்ன ஆகும்? அதிலும் அந்தப் பெண் ஒரே தண்ணீரில் அலசிவிட்டுப் போய்விடுவாள். மேலே ஒட்டிய மாவெல்லாம் உலையில் கரைந்து பசையாகிவிடும்.

மணி பதினொன்று. விரலில் வழுவழுப்பு போகும்வரை கழுவினாள். ஆறு தண்ணீர் ஆயிற்று. பத்தே நிமிடம் ஊறவைத்தாள். வழக்கமான அளவுத் தண்ணீரை விட்டுவிட்டு, வடிப்பதற்காக உலை நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அரிசியைப் போட்டாள். அடிப்பிடிக்காமல் ஒரே முறை கிளறியதோடு சரி. கிளறக் கிளறப் பருக்கை உடைந்து பசை விடும். நிமிடத்துக்கொரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள். நடுவில் துளி விறைப்பு இருக்கும்போதே கஞ்சியை வடித்து, அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவிட்டாள். எந்தச் சாமியைக் கும்பிடுவது என்றுகூட அப்போது தோன்றவில்லை.

முதலாளி வந்து ஒரு பிடி எடுத்தார். பழைய அரிசி போல மல்லிகையாக இல்லைதான். ஆனால் தனித்தனியாக உதிர்ந்தது.

"அட! என்ன பண்ணே?"

"மூட்டை மாறிருக்குங்க. புது அரிசி, குட்டை ரகம்."

"பாத்தே கண்டுபிடிச்சிட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருக்கலாம். ஆனால் மூன்று நாள் பயந்து பயந்து அவளுக்கே சலித்துவிட்டது.

"தொட்டுப் பாத்துதாங்க. கண்ணு தெரிஞ்சிருந்தா முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பேன்."

முதலாளி சோற்றைத் தட்டில் போட்டார். குரல் இறங்கிவிட்டது.

"கொதிக்கிற உலையை எப்படிம்மா வடிச்சே?"

அத்தனை பெரிய உலையைக் கண் தெரியாமல் சாய்த்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.