தங்கச் சுவருக்குள் நெட் ஏறவில்லை

சிவகாசியில் வெள்ளைத்துரையின் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் முஹ்சினா எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். லேபிள் டைப் அடிக்க வந்தவள், பில், மெயில், பிரிண்டர், வயர் என்று ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்து, கடைசியில் நெட் வராவிட்டாலும் முஹ்சினா, மின்விசிறி ஓடாவிட்டாலும் முஹ்சினா என்றாகிவிட்டது. படிப்பு பிளஸ் டூதான். மற்றதெல்லாம் தானாகத் தடவித் தடவிக் கற்றது. அதனாலேயே, பெரிய படிப்பு படித்துவிட்டு மவுசைத் தலைகீழாகப் பிடிப்பவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம் பொத்துக்கொண்டு வரும். வெளியே காட்ட மாட்டாள், சம்பளம் வாங்கும் இடம்.

முதலாளியின் அக்கா மகன் ஸ்ரீராம்குமார் அப்படிப் பெரிய படிப்பு படித்தவன். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை மாமாவுக்கு உதவுகிறேன் என்று வந்து உட்கார்ந்தான். வந்து பத்து மாதமாயிற்று. வேலையும் கிடைக்கவில்லை, உதவியையும் காணோம்.

2008 சித்திரையில் முதலாளிக்கு ஒரு வாஸ்துக்காரர் வாய்த்தார். தென்மேற்கே கன்னிமூலையில் இருக்கும் முதலாளி அறை பொன்னாக மின்னினால் லட்சுமி தங்குவாள் என்று அவர் சொல்ல, அறையின் நாலு சுவரிலும் கதவிலும் தங்க நிற அலுமினியத் தகட்டை ஒட்டிவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடிக்கும் வெயில் வராமல் வெள்ளிப் படலம். வேலை முடிந்து பார்த்தால் அறை பெரிய ஸ்வீட் டப்பா மாதிரி இருந்தது. வந்தவன் போனவன் எல்லாம் ஆகா ஓகோ என்றான். முஹ்சினாவும் ‘நல்லா இருக்கு முதலாளி’ என்றாள். வேறென்ன சொல்வது?

வைகாசியில் முதலாளிக்குப் புது லேப்டாப் வந்தது. ஹாலில் முஹ்சினாவின் மேசைக்கு மேலே வயர்லெஸ் பெட்டி. ஹாலில் நெட் பறந்தது, முதலாளி அறையில் நொண்டியது. ஒரு மெயில் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். ஆடி பிறந்தும் அதே கதைதான்.

“மாமா, இது பெட்டிக் கோளாறு இல்லே. வெளியில உக்காந்து யாரோ பாட்டு, படம்னு எறக்கிக்கிட்டே இருக்காக. நெட்டு அங்கனயே தீந்துபோகுது” என்றான் ஸ்ரீராம்குமார். யாரோ என்றுதான் சொன்னான். பார்வை நேரே முஹ்சினாவின் மேல் நின்றது.

முதலாளி கதவைத் திறந்து ஹால் முழுக்கக் கேட்கும்படி, “ஏம்மா, ஆபீஸ் நெட்டைத் திருடியா பாட்டு கேக்குறே? ஆடிப்பதினெட்டு தாண்டட்டும், ஒனக்கு ஒரு முடிவு சொல்றேன்” என்றார். லேபிள் எண்ணிக்கொண்டிருந்த வேலுத்தாய் கையை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். ஆனால் சிவகாசியில் ஒரு ஆபீசில் ‘திருடி’ என்று பெயர் வாங்கினால் அடுத்த ஆபீஸ் கதவு திறக்காது.

ஆடிப்பதினெட்டுக்கு இன்னும் நாலு நாள். அன்றுதான் பூசை போட்டு, அந்த வருஷத்துப் புது விலைப்பட்டியலை வெளியூர் ஏஜெண்டுகளுக்கு அனுப்புவார்கள். அந்தக் கம்பெனி வழக்கப்படி முதல் மெயிலை முதலாளிதான், கன்னிமூலை நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல நேரத்தில், தன் கையால் அனுப்ப வேண்டும். நேரம் தப்பினால் அந்த சீசனே தப்பும் என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பழி யார் தலையில் விழும் என்பதும் தெரிந்ததுதான்.

மறுநாள் முதலாளி ஏழாயிரம்பண்ணை பேக்டரிக்குப் போனதும் முஹ்சினா லேப்டாப்பைத் தூக்கினாள். சிக்னலை எண்ணில் காட்டும் இலவச சாப்ட்வேர் ஒன்றைப் போட்டாள். எல்லாம் மைனஸ் கணக்கு, பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டேயோ அவ்வளவு நல்லது. பெட்டிக்குக் கீழே மைனஸ் 38. முதலாளி அறைக் கதவுக்கு வெளியே 52. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். 84. கதவைத் திறந்தாள். 66. மறுபடி சாத்தினாள். மறுபடி 84. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஹாலின் மறுபக்கம், இன்னும் தூரத்திலிருக்கும் குடோனுக்குப் போனாள். நடுவில் முழுச் செங்கல் சுவர், அங்கேயும் 63தான். செங்கலைத் தாண்டி வருகிற சிக்னல் தகட்டைத் தாண்டவில்லை.

அதோடு விடவில்லை, நாளை யாரும் நொட்டை சொல்லக் கூடாது. அக்கம்பக்கத்து ஆபீஸ் பெட்டிகள் ஏழும் ஆறாம் சேனல் என்ற ஒரே அலைவரிசையில் நெரிந்துகொண்டிருந்தன, இவர்களுடையதும் அதிலேதான். ஒன்றாம் சேனல் காலி. அதற்கு மாற்றினாள். ஹாலில் இன்னும் வேகம் கூடியது, பொன்னறையில் அசையவில்லை. ஹாலில் எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்தாள். அப்போதும் பொன்னறை அதே ஆமைதான்.

சாயங்காலம் முதலாளி வந்ததும் அத்தனையையும் தாளில் எழுதிக் காட்டினாள்.

“செவரா?” என்றார் வெள்ளைத்துரை. “லட்சுமி வாரதுக்கு வச்ச செவரும்மா அது.”

“லட்சுமி வருவா முதலாளி. சிக்னல் வராது. அலுமினியம் அதைத் திருப்பி அடிச்சுரும். தகட்டுல ஒரு ஓட்டை போட்டு வயர் இழுத்துக் குடுத்துருதேன்.”

“ஓட்டையா! வாயைக் களுவு.”

“அதெல்லாம் சும்மா மாமா” என்றான் ஸ்ரீராம்குமார். “ஏரியலைப் பெருசாக்குனா சரியாப்போகும்.” மதுரைக்குப் போய் ஒரு முழ நீள ஏரியல் வாங்கி வந்தான். மாட்டியதும் 84, 81 ஆனது. அவன் அதைப் பெரிய வெற்றியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆடிப்பதினெட்டு. பூசை முடிந்தது, ஊதுபத்திப் புகையோடு முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல நேரம் முடிய இருபது நிமிஷம். படம் போட்ட விலைப்பட்டியல் ஆறு எம்பி. ஏறியது, நின்றது, அறுந்தது. இரண்டாம் தடவையும் அறுந்தது. உள்ளேயிருந்து “அந்தப் பிள்ளையக் கூப்பிடுலே!” என்று அலறல்.

முஹ்சினா முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த வயரோடு போனாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. அதன் வழியே வயரை நுழைத்து லேப்டாப்பில் குத்தினாள், மறுமுனையை வேலுத்தாய் பெட்டியில் குத்தினாள். கதவு சாத்தியபடியே இருந்தது, தகட்டில் கீறல் இல்லை, லட்சுமிக்கும் நஷ்டமில்லை. ஐந்து நிமிஷத்தில் மெயில் போய்ச் சேர்ந்தது. நல்ல நேரம் முடிய இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

“நானே வயரு போடலாம்னுதான் நெனச்சேன் மாமா” என்றான் ஸ்ரீராம்குமார். முஹ்சினா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் மனுஷன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “சரிம்மா. ஒன் மேல தப்பில்லே. நீ போயி வேலையைப் பாரு.”

முஹ்சினா போய்க் கதவை அகலத் திறந்தாள். ஹாலில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

“திருடின்னு சொன்னப்ப கதவு தெறந்துதான் இருந்துச்சு முதலாளி. இப்பச் சொன்னதையும் அப்படியே சொல்லிருங்க.”

வெள்ளைத்துரை தங்கச் சுவரைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். அடுத்த மெயில் அனுப்ப யார் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்குக் கத்திய அதே சத்தத்தில் சொன்னார்:

“அந்தப் பிள்ளை திருடலை. எல்லாரும் கேட்டுக்கோங்க.”