கல்விச் சுடரொளியை எடுத்துவிட்டேன்

பயோடேட்டாவில் என் விருதுகளை எழுதுவது எப்போதும் என் வீட்டுக்காரர்தான். அவர் எழுதினால் நான் ஜனாதிபதி கையால் வாங்கினவள் மாதிரி இருக்கும். ‘மிகச் சிறந்த’, ‘ஒப்பற்ற’ என்று வரிக்கு வரி அள்ளிப் போடுவார்.

அவர் இறந்துபோய் ஒரு வருஷம் ஆனபோது, கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்குத் தலைமையாசிரியை தேவை என்றார்கள். மகளைக் கல்லூரியில் சேர்க்க என் ஒருத்தி சம்பளம் போதாது. அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

என்னோடு பி.எட். படித்த தோழி இன்னொரு பள்ளியில் முதல்வர். ஆள் எடுக்கும் கமிட்டியில் உட்கார்ந்து பழகியவள். தேரடி வீதியில் ஒரு டிடிபி கடைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். திரையில் அவர் எழுதிவைத்த பழைய பயோடேட்டாவைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஸ்கூல்ல படிக்கும்போது பேச்சுப் போட்டியில வாங்குனது இப்ப எதுக்குடி? டீச்சரானப்புறம் வாங்குனதை மட்டும் வை. ‘மிகச் சிறந்த’ன்னு உன்ன நீயே சொல்லிக்காத. யார் குடுத்தாங்க, எதுக்கு, எந்த வருஷம். அவ்ளோதான்.”

அறிவியல் கண்காட்சிக்கு வந்ததும் நிறுத்தினாள். “முதல் பரிசு நீயா வாங்குன? பசங்க வாங்குனாங்க. ‘நான் வழிகாட்டிய மாணவர்கள் பெற்றனர்’னு போடு. அதுலயே நீ யாருன்னு தெரிஞ்சிடும்.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு, முதல் வரியில் தடித்த எழுத்தில் இருந்த ‘கல்விச் சுடரொளி’ விருதைக் காட்டி, “இதையும் எடுத்துடும்மா” என்று கடைப்பெண்ணிடம் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “அதுல மட்டும் கைய வெச்ச, அவ்ளோதான்! கல்யாண மண்டபத்துல மேடையேத்தி, சால்வை போட்டு, ஷீல்டு குடுத்தது.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “அது பணம் கட்டுனா யாருக்கு வேணாலும் குடுக்குறதுடி. கமிட்டியில அதப் பாத்தா சிரிப்பாங்க. நானே சிரிச்சிருக்கேன்.”

“நான் ஒத்த ரூபா கட்டலையே!”

“நீ கட்டல. அண்ணன் கட்டுனாரு. உன் போட்டோவ என்கிட்டதான் கேட்டு வாங்கினாரு. ‘இவ்ளோ உழைக்குறா, ஒருத்தரும் அவள ஒரு வார்த்தை நல்லா சொல்லலம்மா’ன்னாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

பாவி மனுஷா! அன்றைக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் பேரை வாசித்ததும் அவர் தட்டின தட்டில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போகிறது என்று மேடையிலிருந்தே முறைத்தேன். அதற்கும் சிரித்தார்.

அந்தப் பெண் கீபோர்டில் கை வைத்துக் காத்திருந்தாள். என் கண்ணைப் பார்க்காமல், “எடுத்துடவா மேடம்?” என்றாள்.

“எடுத்துடும்மா.”

நேர்காணலில் தாளாளர் என் பயோடேட்டாவைப் புரட்டிப் பார்த்தார். “அலட்டல் இல்லாம எழுதியிருக்கீங்க. உங்க உழைப்புக்குக் கெடச்ச அங்கீகாரம் இவ்ளோதானா?”

“இவ்ளோதாங்க” என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு நான் சொன்னது பொய்.