முனுசாமியின் ஒன்றரை கிலோமீட்டர்

என் பெரியப்பா முனுசாமிக்கு எந்த ஊரும் பக்கம்தான். எளாவூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் போய்விடலாம் என்பார். அதை நம்பி நடந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண் பார்க்க வந்து சேர்ந்ததும் முதலில் தண்ணீரும் பாயும்தான் கேட்டார்கள்.

நிலம் விற்றபோதும் அவர் மாறவில்லை. ஏரிக்கு அப்பால் இரண்டு ஏக்கர் நெல் வயல் வைத்திருந்தார். வாங்க வந்தவர் சென்னைக்காரர், ஸ்டீவன். கும்மிடிப்பூண்டி இங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான் என்று அவரிடம் அடித்துச் சொன்னார். அதோடு விடாமல், பத்திரம் எழுதுபவர் பக்கத்திலேயே நின்று, சொத்து விவரத்திலும் அந்த ஒன்றரையை ஏற்ற வைத்தார். நிலம் அறுபத்திரண்டு லட்சத்துக்குப் போனது. அந்தப் பணத்தில் புதுவாயலில் இரண்டு கடைகள் கட்டத் தொடங்கினார்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசில் வேலை. பெரியப்பாவின் வருமான வரிக் கணக்கை நானே தாக்கல் செய்தேன். கிராமத்து விவசாய நிலம், வரி கிடையாது என்று காட்டினேன். பத்திரத்தில் விலையையும் தேதியையும் பார்த்தேன். சொத்து விவரத்தை வரிவரியாகப் படிக்கவில்லை.

வருமான வரித்துறை படித்தது. நோட்டீஸ் வந்தது. மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டி ஒரு லட்சத்துக்குள் இருக்கும் டவுன் என்றால், அதன் எல்லையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வயல் மூலதனச் சொத்து. விற்ற லாபத்துக்கு வரி உண்டு. இரண்டைத் தாண்டினால் மூலதனச் சொத்தே இல்லை, வரியும் இல்லை. உங்கள் பத்திரமே ஒன்றரை என்கிறதே, பதில் என்ன என்று கேட்டிருந்தார்கள். கணக்குப் போட்டால் வரி ஏழு லட்சம் வந்தது. கடைகளுக்குச் சுவர் எழும்பியிருந்தது; மேல்தளம் போட வைத்திருந்த பணமும் ஏழு லட்சம்தான்.

பெரியப்பா வண்டியை எடுத்துக்கொண்டு, டவுன் முனையிலிருந்து ஏரியைச் சுற்றி வயல்வரை ஓட்டினார். மீட்டரை போனில் படம் பிடித்து வந்தார். மூன்று புள்ளி எட்டு. ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டு, ரோட்டுக் கணக்கு செல்லாது, வான்வழியாக நேர்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்றார்.

"நான் இன்னா சார், ஏரோப்ளேன்லயா உரம் எடுத்துனு போனேன்?" என்று கேட்டார் பெரியப்பா.

தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். சர்வேயர் ஆதிகேசவன் ஒரு கருவியோடு வந்தார். பெரியப்பா அவரை நைசாக பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டிப் போனார்.

"பஸ் ஸ்டாண்டு இல்ல நைனா, டவுன் எல்லை எங்க முடியுதோ அங்கிருந்து. அதுலயும் உன் வரப்புக்கு எது கிட்டயோ அந்த எடம்."

அந்த இடம் ஒரு கம்பெனி காம்பவுண்டுக்குப் பின்னால், கருவேல முள்ளுக்குள் இருந்தது. அங்கே ஒரு குறி, வயலின் முதல் வரப்பில் ஒரு குறி. ஆதிகேசவன் கருவியைத் தட்டிப் பார்த்துச் சொன்னார். இரண்டு கிலோமீட்டர் நூற்று அறுபது மீட்டர். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு தூரம் கூடியதற்காக அவர் சந்தோஷப்பட்டார்.

தாசில்தார் சான்றிதழும், நெல் பயிரிட்டதற்கு கிராமக் கணக்கான அடங்கலும் கிடைத்தன. ஆனால் பத்திரத்திலிருக்கும் ஒன்றரைக்கும் விளக்கம் தேவை என்றார் ஆடிட்டர். அளக்காமல், விலைக்காகச் சொன்னது என்று பெரியப்பாவே பிரமாணப் பத்திரம் தர வேண்டும்.

அவர் மூன்று நாள் ஆபீஸ் பக்கம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன்.

"நான் புளுகன்னு நானே கையெழுத்து போட்டுத் தரணுமா சரவணா? ஊர்ல இன்னா மரியாத இருக்கும்?"

பெரியம்மா பூவம்மாள் முறத்திலிருந்து தலையெடுக்காமலே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் தெரிஞ்சது கவர்மெண்டுக்கும் தெரிஞ்சா இன்னா இப்போ? கடைக்கு மேல தார்ப்பாய் கட்டிக்கினு வாடக வாங்குவியா?"

மறுநாள் வந்தார். நோட்டரி ஜோஷ்வா வாசகத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினார். 'உண்மைக்குப் புறம்பாக' என்ற இடத்தில் பெரியப்பா கையை நீட்டி நிறுத்தினார். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு அது 'உத்தேசமாக' என்று மாறியது. கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. சான்றிதழில் உள்ள தூரம் ஏற்கப்படுகிறது, நிலம் மூலதனச் சொத்து அல்ல, வரி இல்லை. விற்றவர் தம் வாயால் சொன்ன தூரத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்றும் அதில் ஒரு வரி இருந்தது.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று, பெரியப்பா அந்த உத்தரவை ஜெராக்ஸ் எடுத்து, கொத்தனார் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததால் தைரியமாகக் காட்டினார்.