புஷ்பவல்லியின் பதினோராவது கேள்வி

"டைப்பிஸ்ட்தானே, அடிச்சுக் குடுத்துட்டுப் போகட்டும்லா" என்று டாக்டர் அண்ணாமலை சொன்னதை இந்த இரண்டு காதாலும் கேட்டவள் நான். ஆண்டு தொண்ணூற்றேழு. கிள்ளானில் அவருடைய கிளினிக்கில் ஆய்வு நர்ஸாக இருந்தேன்; நோயாளிகளுக்கு நான் 'மிஸ்ஸி'. அந்த டைப்பிஸ்ட்டின் பெயர் புஷ்பவல்லி. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், எரிகிறபோதே சொல்லிவிடுகிறேன்.

புஷ்பவல்லி பிரிக்பீல்ட்ஸ்காரி. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். இந்த அம்மாள் பதினெட்டு வயதில் டைப்ரைட்டர் படித்து, ஒரு வக்கீல் ஆபீஸில் இருபது வருஷம் ஒப்பந்தங்கள் அடித்தவர். ஒரே நிலத்தை ஒரு பக்கத்தில் 'வீட்டுமனை' என்றும் அடுத்த பக்கத்தில் 'சொத்து' என்றும் எழுதினால் பின்னால் இரண்டு குடும்பம் கோர்ட்டில் அடித்துக்கொள்ளும் என்பதைக் கண்ணால் பார்த்தவர். வக்கீல் கடையை மூடியதும் பங்சாரில் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போனார். டாக்டர்கள் நடத்தும் மருந்து ஆய்வுகளுக்குத் தாள்களைச் சரிபார்த்து அடித்துக் கொடுப்பதுதான் அந்தக் கம்பெனியின் வேலை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எழுத்துப் பிழையைத் தானே திருத்தலாம். அர்த்தம் மாறுகிற இடத்தில் கை வைக்கக் கூடாது. அதைத் தனித் தாளில் கேள்வியாக எழுத வேண்டும். டாக்டர் தன் கையாலேயே பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கேள்வித்தாள் கோப்பின் பின்பக்கத்தில் சேர்ந்தே போகும். பாதி டாக்டர்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் பின்பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இப்போது எங்கள் கிளினிக்கின் வழக்கத்தைச் சொல்கிறேன், வெட்கத்தோடுதான். ஆய்வுத் திட்டம் முழுசும் எண்பத்தாறு பக்கம். அது டாக்டர் அறை அலமாரியில் பூட்டியிருக்கும். அதன் முன்னால் டாக்டர் எழுதிச் சேர்க்கும் நான்கு பக்கச் சுருக்கத்தைத்தான் நாங்கள் நகல் எடுத்து மருந்து அறைச் சுவரில் ஒட்டுவோம். யாருக்கு எப்போது இரத்தம் எடுப்பது, எப்போது மருந்தை நிறுத்துவது என்று அந்த நான்கு பக்கத்தைப் பார்த்துத்தான் வேலை செய்வோம். இந்தக் கதைக்கு முந்தின ஆய்விலும் அப்படித்தான். அந்தச் சுருக்கத்தில், இரத்தத்தில் கல்லீரல் நொதி அளவு எகிறினால் மருந்து 'நிறுத்தப்படலாம்' என்று இருந்தது. ஜெஞ்சாரோமிலிருந்து வந்த வீரம்மா என்ற அம்மாளுக்கு அளவு எகிறியது. நான் டாக்டருக்குப் போன் போட்டேன். "அடுத்த விசிட்ல பாப்போம்" என்றார். சுவரில் 'லாம்' என்றுதானே இருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்துக் கண் மஞ்சளாக வந்தவர் வீடு திரும்பவில்லை. அலமாரியைத் திறந்து முழுத் திட்டத்தைப் படித்தேன். அதில் 'நிறுத்தப்படும்' என்று இருந்தது. பாவி, நான் முன்பே படித்திருக்கக் கூடாதா!

அதே டாக்டர், அடுத்த ஆய்வு. சர்க்கரை நோய்க்குப் புது மருந்து, ஒரு வருஷம் கொடுத்துப் பார்ப்பது. முதல் பெயராகப் பண்டமாரான் ஊர்க்காரர் தம்புசாமியைப் பட்டியலில் போட்டிருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், இரண்டு பெண் பிள்ளைகள். சுருக்கம் அச்சுக்குப் போகுமுன் புஷ்பவல்லி அக்காவைப் பார்த்துவிட வேண்டும் என்று பங்சாருக்கு பஸ் ஏறினேன்.

அக்கா சுருக்கத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இதைப் பாரு இந்திரா. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு வச்சிருக்காரு. பாதி வெளிநாட்டு ரிப்போர்ட்டிலேர்ந்து வெட்டி ஒட்டினது, பாதி பழைய ஆய்வுலேர்ந்து. இன்னும் ஒரு ஆளுக்குக்கூட ஊசி குத்தல, ஆனா இங்க 'இரத்தம் எடுக்கப்பட்டது'ன்னு இருக்கு. நடந்து முடிஞ்ச கதையா இது?"

"எல்லாத்தையும் இனிமே நடக்கப் போறதா மாத்திடச் சொன்னாரே டாக்டர்?"

"எல்லாத்தையும் எப்படி மாத்துறது? இந்த வரியைப் படி. 'கல்லீரல் பாதிப்பு காணப்படவில்லை.' இது நடந்து முடிஞ்சதுதான், ஆனா வேற எங்கயோ நடந்த பன்னெண்டு வார ஆய்வுல. இதை அப்படியே விட்டா நம்ம ஆய்வோட முடிவு மாதிரி இருக்கும். மாத்தினா 'காணப்படாது'ன்னு சத்தியம் பண்ணின மாதிரி ஆயிடும். 'முந்தைய பன்னிரண்டு வார ஆய்வில்'னு முன்னால சேர்த்து, இறந்த காலத்திலேயே விடணும். முழுத் திட்டத்துல அப்படித்தான் இருக்கு, பார்த்துட்டேன். ஆனாலும் கேட்டு எழுதியிருக்கேன்."

அடுத்தது பெயர்கள். ஒரே மாத்திரைக்கு நான்கு பக்கத்தில் நான்கு பெயர்: ஆய்வு மருந்து, சோதனை மருந்து, புதிய மருந்து, மருந்து. எல்லாவற்றையும் 'புதிய மருந்து' என்று போடு என்பது டாக்டரின் உத்தரவு. ஆய்வில் பாதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுப்பது வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 'புதிய மருந்தை நிறுத்து' என்று சுவரில் இருந்தால், இவருக்குப் போவது புதிய மருந்துதானா என்று நான் முழித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு வகை மாத்திரைக்கும் 'ஆய்வு மருந்து', உள்ளே இருக்கும் அந்த இரசாயனத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'புதிய மருந்து' என்று அக்கா பிரித்திருந்தார். இருபது வருஷ வக்கீல் ஆபீஸ் புத்தி வீண் போகவில்லை.

"இதையெல்லாம் விடு. இந்த அநியாயத்தைப் பாரு" என்று மூன்றாம் பக்கத்தைத் தட்டினார். 'புதிய மருந்து சர்க்கரையைக் குறைக்கும்' என்று அடித்துச் சொல்லியிருந்தது. குறைக்குமா என்று பார்க்கத்தானே ஆய்வே! அதற்குக் கீழேயே, கல்லீரல் அளவு இயல்பின் மேல் எல்லையைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் மருந்து 'டாக்டரின் விருப்பப்படி நிறுத்தப்படலாம்' என்று இருந்தது. முழுத் திட்டத்திலோ, 'அன்றே நிறுத்தப்படும், ஒரு வாரத்துக்குள் மறுசோதனை செய்யப்படும்.'

"தெரியாத விஷயத்துல சத்தியம் பண்றாரு, உயிர் போற இடத்துல 'லாம்' போடுறாரு" என்றார் அக்கா.

நான் வீரம்மாவைப் பற்றிச் சொன்னேன். அக்கா பேனாவை எடுத்துக் கேள்வித்தாளில் பதினொன்று என்று எண் போட்டார். சுருக்கத்தில் இப்படி, முழுத் திட்டத்தில் இப்படி, எது சரி?

அடுத்த நாள் அவரே கிள்ளானுக்கு வந்தார். நான் மருந்து அறையில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. முதல் பத்துக் கேள்விக்கும் டாக்டர் பார்க்காமலேயே 'சரி' போட்டுத் தள்ளினார். பதினொன்றில் நின்றார்.

"இது எதுக்கு? அப்படியே இருக்கட்டும் புஷ்பா."

"அப்ப முழுத் திட்டத்திலயும் 'லாம்'னு மாத்திடவா டாக்டர்?"

"அது மருந்துக் கம்பெனி எழுதினது, தொடக் கூடாது."

"அப்ப ரெண்டும் ரெண்டு விதமா இருக்குமே டாக்டர்."

"அறுபது பேர் முடிக்கணும்மா! சும்மா சும்மா ஆளை நிறுத்திக்கிட்டிருந்தா எப்ப முடிக்கிறது? உன் வேலை எழுத்துப் பிழை பார்க்கிறது."

"சரிங்க டாக்டர். அதையே பதிலா எழுதிடுங்க."

எரிச்சலில் அவரும், 'மாற்ற வேண்டாம், என் விருப்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடு" என்றும் சொன்னார். அதற்குப் பிறகுதான், அக்கா படியிறங்கிய பின், அந்த டைப்பிஸ்ட் பேச்சை என்னிடம் பேசினார்.

அக்கா கிழிக்கவில்லை. தன் கம்பெனி வழக்கப்படி கோப்பின் பின்னால் சேர்த்து, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினார். யாருக்கும் தெரியாமல் அனுப்பவில்லை. உள்ளடக்கப் பட்டியலிலேயே 'கேள்வித்தாள், ஒரு பக்கம்' என்று அடித்திருந்தார். டாக்டர் அந்தப் பட்டியலின் கீழேயும் கையெழுத்துப் போட்டார், படிக்காமல்.

குழுவில் ஒரு பெண் டாக்டர் பின்பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். கூட்டத்தில் அண்ணாமலையை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். சுருக்கம் திரும்பி வந்தது, 'நிறுத்தப்படும்' என்று திருத்தினால்தான் அனுமதி என்ற கடிதத்தோடு. அன்று கிளினிக்கில் ஒரு கோப்பை உடைந்தது. தானாக உடையவில்லை.

அடுத்த மாதமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். டாக்டர் கம்பெனிக்குப் போன் போட்டு, அந்த அம்மா இருக்கும்வரை உங்களுக்கு வேலை தரமாட்டேன் என்றாராம். கம்பெனி முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, "நீங்க செஞ்சதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா..." என்றாராம். ஆனாவாம்! தப்பு இல்லை என்றால் எதற்கு ஐயா நிறுத்தினாய்? எதிர்த்துக் கேட்க அங்கே ஒரு ஆளுக்கும் முதுகெலும்பு இல்லை. நானும் அண்ணாமலை கொடுத்த சம்பளத்தைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆய்வு தொடங்கியது. நான்காம் மாதம் தம்புசாமியின் இரத்த முடிவு வந்தது. நான்கு மடங்கு. சுவரைப் பார்த்தேன். 'ஆய்வு மருந்து அன்றே நிறுத்தப்படும்.' பண்டமாரானுக்கு ஆள் அனுப்பி மாத்திரை டப்பாவைத் திரும்ப வாங்கிவிட்டுத்தான் டாக்டருக்குப் போன் போட்டேன்.

"ஒரு வாரம் பாத்துட்டு நிறுத்தியிருக்கலாமே" என்றார்.

"நிறுத்தப்படும்னு இருக்கு டாக்டர். நிறுத்தியாச்சு."

போனை வைத்துவிட்டார். ஒரு வாரத்தில் மறுசோதனை. அளவு இறங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு மாதத்தில் இயல்புக்கு வந்துவிட்டது.

அந்தக் கடைசி முடிவு வந்த அன்று சாயந்தரமே பிரிக்பீல்ட்ஸ் போனேன். அக்கா ஒரு அச்சுக்கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தார். பாதிச் சம்பளம். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஆளு என்ன சொன்னாரு?" என்றார்.

"தம்புசாமியா? அவருக்கு என்ன தெரியும்? மருந்தை நிறுத்தினதுக்கு இன்னிக்குக்கூட கிளினிக்குக்கு வந்து கத்திட்டுப் போறாருக்கா. 'என்ன மிஸ்ஸி, ஓசி மருந்துன்னா இப்படித்தான் பாதியில பிடுங்குவீங்களா, ஏழைன்னா இளக்காரமா'ன்னு. வெளியில உட்கார்ந்திருந்தவங்கல்லாம் எட்டிப் பார்க்கிறாங்க."

"சத்தமாவா கத்தினாரு?"

"தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

புஷ்பவல்லி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"கத்தட்டும்" என்றார். "நல்லாக் கத்தட்டும்."