காப்பு கட்டின வாரமும் லேனர்ஸ் கொப்பியும்

எழுதத் தெரியாமல் எழுதுகிறேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். சில எழுத்து தலைகீழாக வந்துவிடும், நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. வாசிக்கிறவர்கள் கோபப்பட வேண்டாம்.

நாங்கள் இருப்பது கலஹா பக்கம் ஒரு தோட்டம். என் மகள் பேராதனையில் பூங்கன்று விற்கிற ஒரு நர்சரியில் வேலை. மண் கலக்குவாள், பையில் நடுவாள், தண்ணி ஊத்துவாள். நர்சரிக்காரம்மா அவளிடம் சொல்லியிருந்தார்கள், லைசன்ஸ் எடுத்தால் கன்று கொண்டுபோகிற சின்ன வேனை அவளே ஓட்டலாம் என்று. மாசக் கடைசிக்குள்ளே எடுக்க வேணும், இல்லாவிட்டால் வேற ஆளைப் போடுவார்களாம். அதற்காகத்தான் லேனர்ஸில் சேர்ந்தாள். டிரைவிங் பழக்குகிற இடத்தை எங்கள் பக்கம் லேனர்ஸ் என்றுதான் சொல்வோம். முதல் ட்ரயலில், அதாவது ஓட்டிக் காட்டுகிற டெஸ்டில், ரிவர்ஸ் போகும்போது கம்பத்தில் தட்டிவிட்டாள், ஃபெயில். ரெண்டாவது ட்ரயலுக்குத் தேதி கிடைத்தது ஒரு வியாழக்கிழமை.

அந்த நேரம் பார்த்து மாரியம்மன் திருவிழா வந்தது. மகள் பால்குடம் எடுக்க நேர்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயந்தரம் காப்பு கட்டினால் பத்து நாள் கழித்து வருகிற திங்கட்கிழமை மஞ்சத்தண்ணி முடிந்துதான் அவிழ்ப்பார்கள். அது வரைக்கும் காப்பு கட்டினவர்கள் தோட்டத்து எல்லை தாண்டக்கூடாது. எங்களுக்கு எல்லை கீழே இருக்கிற பாலம். நர்சரியில் லீவு கொடுத்துவிட்டார்கள். லேனர்ஸுக்கும் அத்தனை நாள் போக முடியாது, திரும்பிப் போனால் ட்ரயலுக்கு முன்னால் ரெண்டே நாள்தான் மிச்சம். அந்த ரெண்டு நாளும் வாகனம் கிடைக்காவிட்டால் மறுபடியும் கம்பம்தான்.

பழக்குகிறவர் திகனயில் இருந்து வருகிற ஒரு முஸ்லிம் மனுசர். அண்ணன் என்கிற மாதிரி, எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் அவருக்கு வாட்ஸ்அப்பில் வாயால் பேசி அனுப்பினாள். ரெண்டு கோடும் நீலமாக வந்தது. பதில் வரவில்லை.

"கேட்டுட்டாரும்மா. வாகனத்துல இருப்பாரு, அப்புறம் பேசுவாரு" என்றாள்.

எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்டவர் ஒரு வார்த்தை சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ராத்திரியும் பதில் இல்லை. இவளுடைய நேரத்தை வேற யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், அதுதான் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குள் ஒரு எண்ணம். காப்பு கட்டின மறுநாள் காலையில் நானே பஸ் ஏறினேன். நான் அப்படித் தனியாக ஒரு ஆபீசுக்கும் போனதில்லை. அடகுக் கடைக்குக்கூட யாராவது கூட வந்தால்தான் உள்ளே போவேன்.

லேனர்ஸ் ஒரு ஃபோட்டோகொப்பி கடைக்கு மேல்மாடியில். மேசையில் ஒரு சிங்களப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. முன்னால் பெரிய கொப்பி நோட்டு, கட்டம் கட்டமாக நாளும் மணியும். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மகள் ஒரு வாரம் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டது.

காப்பு என்று சொல்ல எனக்கு வெட்கம். அதை அந்தப் பாஷையில் எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டால்? "அசனீபய்" என்றேன். சுகமில்லை என்று அர்த்தம். அந்த ஒரு சொல்தான் சட்டென்று வாயில் வந்தது.

அந்தப் பிள்ளை ஒரு ரப்பரை எடுத்து மகளுடைய பேரை அழிக்கத் தொடங்கியது. ஒரு கட்டம், ரெண்டு கட்டம், மூணு. பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்! நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டத்தில் வேற பேரும் ஏறிவிட்டது. ஆள் தயாராக வைத்திருந்த மாதிரி அவ்வளவு சுருக்காக. எந்தக் கிழமை வரைக்கும் அழித்தது என்றும் எனக்கு விளங்கவில்லை, எல்லாம் சிங்கள எழுத்து.

அப்போதுதான் நானா படியேறி வந்தார். அம்பது வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும், "கலஹா புள்ளட அம்மாவா? வாங்க, அந்தக் கதிரையில இரிங்க" என்றார்.

அந்தப் பிள்ளை சிங்களத்தில் அவரிடம் சொன்னது. அவருடைய முகம் மாறியது.

"சொகமில்லையா? எனக்கு வேற மாதிரியல்லவா சொல்லி இருந்திச்சி."

ஃபோனை எடுத்து மேசையில் வைத்து அழுத்தினார். மகளுடைய குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. 'நானா, வெள்ளிக்கெழம காப்பு கட்டுறேன், பாலத்து எல்ல தாண்டக் கூடாது, பத்து நாள் கழிச்சு வர்ற செவ்வாக்கெழம வரலாமான்னு சொல்லுங்க.' எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"ஒரு ஆளுக்கு ரெண்டு காரணம் வந்தா எனக்கு சந்தேகம் வரும் அம்மா" என்றார். "போன மாசம் ஒருத்தன் காய்ச்சல்னு சொல்லிட்டு மத்த லேனர்ஸ்ல போய் பழகினான். பெறகு ட்ரயலுக்கு மட்டும் எங்கட வாகனம் வேணுமாம்."

"எம்மக அப்படி இல்ல நானா."

"அப்ப சொகமில்லாதது நெசமா? அப்படீன்னா டொக்டர்ட துண்டு வேணும். சொகமில்லாத ஆள ஸ்டேரிங்ல இருத்த எனக்கு ஏலாது."

டாக்டர் எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டு என்றதும் எனக்கு இன்னும் பயம். இல்லாத வியாதிக்கு எந்த டாக்டரிடம் துண்டு கேட்பது? "சுகமாத்தான் இருக்கா. காப்புதான் நெசம். நான்தான் வெட்கத்துல மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், அவர் குனிந்து கேட்டார்.

"இதுக்கு என்னத்துக்கு வெட்கம்? நோம்பு மாசத்துல நானே பின்னேர க்ளாஸ் எடுக்கிறது இல்ல, அத நான் ஒளிக்கிறனா?" சிரித்தார். "அவ்வளவு அவசரம்னா சொல்லுங்க, நான் வாகனத்த உங்கட பாலத்துக்கிட்ட கொண்டு வாறன். புள்ள அந்தப் பக்கம் நிண்டு ரிவர்ஸ் பழகட்டும்."

பகிடிதான், விளையாட்டுக்குச் சொன்னது. ஆனால் எனக்கு அப்போது பகிடி என்று படவில்லை. இந்த ஆள் எதற்கு இவ்வளவு இனிப்பாகப் பேசுகிறார், என்ன ஒளிக்கிறார் என்றுதான் யோசித்தேன்.

"பேர அழிச்சிட்டாங்களே" என்றேன்.

அவர் விளக்கினார். வராத நாளுக்கு அந்த மணியைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கிற வேற ஆளுக்குப் போகும். ஆனால் மகளுக்கு மிச்சம் இருக்கிற நாலு பாடம் அப்படியே இருக்கும், அதை யாரும் எடுக்க முடியாது. திரும்பி வருவதென்றால் முந்தின நாள் பின்னேரத்துக்குள் சொல்லி, எந்த மணி காலி என்று கேட்டு எழுத வேணும். வரும்போது பழகுவதற்குக் கொடுத்த பெர்மிட் கையில் இருக்க வேணும். ஒரு வாரம் விட்ட ஆளை எடுத்த உடனே ரோட்டுக்கு விடமாட்டார், முதலில் மைதானத்தில் ரிவர்ஸ். ட்ரயல் தேதி லேனர்ஸ்காரர் நினைத்தபடி மாற்றுகிறது இல்லை. அன்றைக்குப் போகாவிட்டால் மறுபடி தேதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

"அந்த செவ்வாயும் புதனும் காலையில காலி இருக்கா?"

கொப்பியைப் பார்த்தார். "புதன் ஆறரை இருக்கு. செவ்வா ஒரு பேங்க் மனுசர் எழுதி இருக்கார்."

அதைத்தான் எதிர்பார்த்தேன். பேங்க்காரரையும் எங்களையும் வைத்தால் யாருக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"அவருக்கு எப்ப ட்ரயல்?" என்று கேட்டேன். எப்படி அப்படிக் கேட்க வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அவருக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு."

"எம்மகளுக்கு அதே வாரம் வியாழக்கெழம."

நானா அந்தப் பிள்ளையிடம் ஏதோ சொன்னார். செவ்வாய்க் கட்டத்திலும் புதன் கட்டத்திலும் மகளுடைய பேர் ஏறியது, மறுபடியும் பென்சிலில்.

"பேனாவுல எழுதச் சொல்லுங்க" என்றேன்.

"இந்தக் கொப்பியில எண்ட பேரே பென்சில்தான் அம்மா" என்று சிரித்தார். ஆனாலும் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து ரெண்டு கட்டத்துப் பேர் மேலேயும் அழுத்தி எழுதினார். எந்தக் கட்டம் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

"ஏன் நானா பதில் போடல?" என்று வாசலில் நின்று கேட்டேன்.

"பதில் போட்டா ஒங்கட புள்ள நூறு கேள்வி கேக்கும். ஓட்டிக்கிட்டு எப்படி பேசுற?"

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "எனக்கு சொகமில்லன்னா சொன்னீங்க? காப்பு கட்டின மறுநாளே?"

"வாயில வந்திருச்சி."

"ஆத்தா கேட்டுக்கிட்டு இருப்பா" என்றாள். அதற்குப் பிறகு காப்பு அவிழ்க்கிற வரைக்கும் அவள் ஒரு தும்மல் தும்மினாலும் நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் காப்பு அவிழ்த்த கையோடு ஃபோன் எடுத்தாள். நானா எடுக்கவில்லை. செய்தி அனுப்பினாள், நீலக் கோடு வந்தது, பதில் இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் கூடவே போனேன்.

கடை வாசலில் ஒரு கழுத்துப்பட்டி போட்ட மனுசர் நின்றார். பேங்க்காரர்தான் என்று கேட்காமலே தெரிந்தது. "பாத்தியா" என்று மகளுடைய கையைக் கிள்ளினேன். அவள் வலிக்குது என்று முறைத்தாள்.

நானா வாகனத்தோடு வந்தார். பேங்க்காரருக்கு நேரம் மாறினதைச் சொல்ல மறந்துபோனாராம். மறந்தாரோ, இல்லை ரெண்டு பேரையும் வரவைத்துப் பார்ப்போம் என்று நினைத்தாரோ. பேங்க்காரர் முகத்தைச் சுளித்து மணியைப் பார்த்தார். நானா அவரிடம் சிங்களத்தில் பேசி, பின் சீட்டில் உட்காரச் சொன்னார். மகளுக்கு வியாழக்கிழமை ட்ரயல் என்று சொன்னது மட்டும் எனக்கு விளங்கியது. அந்த மனுசர் சரி என்று தலையாட்டிவிட்டு ஏறினார். முதலில் முழுசாக மகள், பிறகுதான் அவர். நான் மைதானத்து ஓரம் நின்று எண்ணினேன், கம்பங்களுக்கு நடுவே ஒன்பது தடவை பின்னால் போனாள். மூணு தடவை தட்டினாள். புதன்கிழமை ஒரு தடவைதான் தட்டினாள்.

வியாழக்கிழமை ட்ரயலுக்குப் போன இடத்தில் எங்களை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வாகனம் மெதுவாகப் பின்னால் போனது. தட்டவில்லை என்று நினைக்கிறேன், நடுவில் வேற ஒரு லொறி மறைத்துவிட்டது. பரிசோதனை செய்த உத்தியோகத்தர் ஒரு தாளில் ஏதோ எழுதினார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மகள் இறங்கி வந்து, "பாஸ்மா" என்றாள்.

"தாளக் காட்டு" என்றேன்.

"உங்களுக்குத்தான் சிங்களம் வாசிக்கத் தெரியாதே!"

"இருந்தாலும் காட்டு."

காட்டினாள். பக்கத்தில் நின்ற வேற ஒரு தாயிடம் கொடுத்து, பாஸ் என்றுதான் இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மா வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மகள் அதற்குப் பிறகு நர்சரிக்காரம்மாவுக்கு ஃபோன் எடுத்தாள். வேன் அவளுக்குத்தான்.

இதில் கிழமை, மணி ஏதாவது மாறியிருக்கும். மிச்சம் இருந்தது நாலு பாடமா மூணா என்பதும் எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. ஒவ்வொரு லேனர்ஸுக்கும் ஒவ்வொரு முறை இருக்கும் என்றும் சொல்கிறார்கள். இதை அச்சில் போடுகிறவர்கள் தயவு செய்து என் மகளிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.