ஐந்தாவது தவணை

என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்கள் பள்ளி ஆசிரியர் சேமநிதியில் இரண்டாயிரம் ரூபாய் கடன் கேட்டேன். நூற்றுக்குப் பத்து தனிவட்டி, ஐந்து வருடம், வருடா வருடம் ஒரே தொகை. அவரை அடக்கம் செய்த வாரம், நிதியைக் கவனித்த தமிழாசிரியர் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கே பணத்தோடு வந்தார்.

"வட்டி ஆயிரம், மொத்தம் மூவாயிரம். அஞ்சால வகுத்தா அறுநூறு. கையெழுத்து போடுங்க டீச்சர்."

போட்டேன். அன்றைக்கு எதை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன். அந்தப் பணம் ஆஸ்பத்திரி பாக்கிக்கே போனது.

இத்தனைக்கும் நான் கணக்கு டீச்சர்.

ஜூனுக்கு ஜூன் அறுநூறு கட்டினேன். ஐந்தாவது ஜூனில் மகள் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, காலேஜில் பி.யு.சி.க்கு இடமும் வாங்கிவிட்டாள். கையில் இருந்தது அறுநூறுதான். நிதிக்குக் கட்டிவிட்டு, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றேன். "சரிம்மா" என்றாள். குரோம்பேட்டையில் டைப்ரைட்டிங் கற்று, டிசம்பருக்குள் ஒரு கம்பெனியில் வேலைக்கும் போய்விட்டாள்.

அந்த டிசம்பரில் அரையாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரித்தேன். தவணைக் கணக்குக்கு வேறு எண் யோசிக்கச் சோம்பல். என் கடனையே எழுதிவிட்டு விடை போட்டேன். ஐந்து வருட முடிவில் தரவேண்டியது மூவாயிரம். ஆனால் முன்னால் கட்டும் தவணைக்கும் மீதி வருடங்களுக்கு அதே வட்டி வரவு உண்டு. முதல் தவணைக்கு நான்கு வருடம், அடுத்ததற்கு மூன்று, பிறகு இரண்டு, ஒன்று, கடைசிக்கு இல்லை. ஆக, ஒரு தவணைக்குப் பத்து வருட வட்டி; நூற்றுக்குப் பத்து வீதம் அது இன்னொரு முழுத் தவணை. ஐந்தும் ஒன்றும் ஆறு. மூவாயிரத்தை ஆறால் வகுத்தால் ஐந்நூறு.

நிதியின் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வரவு வட்டி உண்டு என்று அதிலும் அச்சடித்திருந்தது. நான் கட்டிய அறுநூறுகளுக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு தவணை இரண்டாயிரத்து நானூறு, அவற்றின் வட்டி அறுநூறு. நான்காவதிலேயே கடன் தீர்ந்திருக்கிறது. அழுகை வரவில்லை. விடை ஐந்நூறு, மதிப்பெண் ஐந்து என்று எழுதிவிட்டு உலை வைத்தேன்.

மறுநாள் தமிழாசிரியரிடம் காட்டினேன். "நான் தமிழ் வாத்தியார். எனக்குத் தெரிஞ்ச வகுத்தல் அவ்ளோதான். நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றார். தப்பு சொல்ல முடியவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. ஒரு வாரத்தில் அறுநூறைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மகள் வேலை முடிந்து வந்ததும் பணத்தை அவள் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஐந்நூறுதான் வரணும், நாலாவதுலயே கடன் முடிஞ்சுதுன்னு எனக்கு அப்பவே தெரியும்மா. உன் கிளாஸ்ல நீதானே நடத்தின."

"ஏன்டி சொல்லல?"

"நீ தெரியாமலா கட்டுவேன்னு நெனச்சேன். என்னைப் படிக்க வெக்க உனக்கு இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.